ஐ.இ.எல்.டி.எஸ். கட்டுரையைத் திருத்தும்போது செய்யும் தவறுகள்

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியில் குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதற்கு 40 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். மதிப்பெண்ணில் கால் பங்கு இலக்கணத்துக்குப் போகிறது. அந்தக் கால் பங்கில் பிழையே இல்லாத வாக்கியங்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பது முக்கியம். பேண்ட் என்ற மதிப்பெண் நிலைகளில் 7-க்கு அவை அடிக்கடி வர வேண்டும், 8-க்குப் பெரும்பாலான வாக்கியங்கள் அப்படி இருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு சின்னப் பிழை இருந்தாலும் அந்த வாக்கியம் இந்தக் கணக்கில் சேராது.

பயிற்சிக் கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்துவிட்டு, திருத்தியாயிற்று என்று நினைப்பதுதான் முதல் தவறு. அப்படிப் படிக்கும்போது மனம் பொருளின் பின்னால் ஓடுகிறது. விடுபட்ட சொல்லைக்கூடக் கண் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள், ஒரு சுற்றுக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் தேடுங்கள்.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். "கவர்ன்மென்ட் ஷுட் இன்வெஸ்ட் மோர் மனி இன் பப்ளிக் டிரான்ஸ்போர்ட். த நம்பர் ஆஃப் கார்ஸ் ஆன் அவர் ரோட்ஸ் ஆர் இன்க்ரீசிங் எவ்ரி இயர். மெனி ரிசர்ச்சஸ் ஷோ தட் பொல்யூஷன் ஹார்ம்ஸ் சில்ட்ரன், தேர்ஃபோர் த ப்ராப்ளம் ஷுட் நாட் பி இக்னோர்ட். இஃப் பஸஸ் வேர் சீப்பர், மோர் பீப்பிள் வுட் யூஸ் தெம்." கருத்து தெளிவாகவே இருக்கிறது. ஆனால் நான்கில் கடைசி வாக்கியம் மட்டும்தான் பிழையற்றது.

முதல் சுற்று வினைச்சொல்லுக்கு. ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் எது என்று விரல் வைத்துக் காட்டிப் பாருங்கள். இரண்டாம் வாக்கியத்தில் எழுவாய் 'கார்ஸ்' அல்ல, 'நம்பர்'. எனவே 'ஆர்' என்பது 'இஸ்' ஆக வேண்டும். பேச்சுத் தமிழில் "கார்கள் ஓடுகிறது" என்று சொல்லிப் பழகிய காதுக்கு ஒருமை பன்மை மயக்கம் உறுத்தாது. அதனால் காதை நம்பாமல் கண்ணால் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் 'த நம்பர் ஆஃப்' என்பதற்குப் பதில் 'அ நம்பர் ஆஃப்' என்று தொடங்கினால் பல என்று பொருள் மாறிவிடும். அங்கே 'ஆர்' தான் சரி.

அடுத்து பெயர்ச்சொல். தமிழில் ஆராய்ச்சிகள், தகவல்கள், அறிவுரைகள் என்று தயங்காமல் பன்மையாக்குகிறோம். கட்டுரையில் வரும் 'ரிசர்ச்', 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்' ஆகியவற்றை ஆங்கிலம் எண்ண முடியாதவையாகவே நடத்துகிறது. மேலே உள்ளது 'மச் ரிசர்ச் ஷோஸ்' என்று மாற வேண்டும். பெயரைத் திருத்திவிட்டு 'ஷோ' என்ற வினையை அப்படியே விடுவதுதான் பலர் சறுக்கும் இடம். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள்.

அதே வாக்கியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தமிழில் காற்புள்ளி போட்டு 'எனவே' என்று தொடரலாம். 'தேர்ஃபோர்', 'ஹவ்எவர்' இரண்டும் இரு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியோடு இணைக்காது. முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும்.

மிகவும் தொல்லை தருவது 'த'. தமிழில் அதற்கு இணையான சொல் இல்லாததால் விடுபட்டது தெரிவதில்லை. முதல் வாக்கியத்தில் ஒரு நாட்டின் அரசைச் சொல்வதால் 'த கவர்ன்மென்ட்' என்று வர வேண்டும். இதைத் தெரிந்துகொண்டதும் எல்லாப் பெயருக்கும் முன்னால் 'த' ஒட்டத் தொடங்குகிறார்கள், அது எதிர்ப்பக்கத் தவறு. பொதுவாகச் சமூகத்தையோ மாசையோ பேசும்போது 'சொசைட்டி', 'பொல்யூஷன்' தனியாகவே நிற்கும்.

ஐந்து திருத்தங்களில் நான்கு வாக்கியங்களும் பிழையற்றவையாகிவிட்டன, கருத்து எதுவும் மாறவில்லை. பிழைக்குப் பயந்து எல்லாவற்றையும் குட்டி வாக்கியங்களாக உடைத்திருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது. வாக்கிய வகைகளின் விரிவும் இதே கால் பங்குக்குள்தான் மதிப்பிடப்படுகிறது. எழுத்துப்பிழையை மட்டும் தேடுவதும் போதாது, அது சொல்வளத்தின் கணக்கில் போகிறது.

மூன்று பயிற்சிக் கட்டுரைகளை இப்படித் திருத்தி, வகைவாரியாகப் பிழைகளை எண்ணுங்கள். அதிகம் வரும் இரண்டு வகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வறையில் கடைசி நான்கைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் தேட நேரம் இருக்காது, கணினித் தேர்விலும் எழுத்துப்பிழையைக் காட்டும் சிவப்புக்கோடு வராது. அந்த இரண்டு வகைகளை மட்டும், கீழிருந்து மேலாகத் தேடுங்கள்.