கச்சானா, ஊர்க்கோழியா? ஆறு தொப்பி முறையில் முடிவெடுப்பது எப்படி

ஒட்டுசுட்டானில் ஒரு மாதர் சங்கக் குழு, ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். என்ன தொழில் தொடங்கலாம் என்று போட்ட பட்டியலில் மிஞ்சிய யோசனைகள் இரண்டு: கச்சான் வறுத்துப் பொதி செய்து விற்பது, ஊர்க்கோழி வளர்ப்பது. சும்மா பேச விட்டால் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடுவார்கள். எட்வர்ட் டி போனோ 1985இல் வெளியிட்ட ஆறு தொப்பி முறையில் ஒவ்வொரு நிறத் தொப்பியும் ஒரு வகை யோசனையைக் குறிக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே நிறத்தில்தான் யோசிக்க வேண்டும். "நீங்கள் கறுப்பு, நான் மஞ்சள்" என்று பிரித்தால் பழைய வாதமே திரும்பி வரும். தொப்பி வாங்கத் தேவையில்லை, நிற மட்டைகள் போதும்.

முதலில் கச்சானை எடுங்கள்.

நீலம். கூட்டத்தை நடத்துபவர் கேள்வியைப் பெரிதாக எழுதி, சிவப்புக்கு ஆளுக்கு அரை நிமிடம், மற்ற ஒவ்வொரு நிறத்துக்கும் ஆளுக்கு ஒரு நிமிடம் என்று சொல்லிவிட வேண்டும்.

வெள்ளை. தெரிந்த விபரம் மட்டும். "கச்சான் நல்லா விற்கும்" என்பது விபரம் அல்ல. சந்திக் கடையில் கிழமைக்கு எத்தனை பொதி போகிறது என்பதுதான் விபரம். தெரியாததையும் எழுதி, யார் விசாரிப்பது என்று பக்கத்தில் பெயரைப் போடுங்கள்.

மஞ்சள். நன்மைகள், காரணத்தோடு. இதைக் கறுப்புக்கு முன் வையுங்கள். குறையைக் கேட்டபின் நன்மையைத் தேட யாருக்கும் மனம் வராது. யாராவது "ஆனால்" என்று தொடங்கினால் கறுப்புக்குத் தாவிவிட்டார் என்று அர்த்தம். மட்டையை உயர்த்திக் காட்டுங்கள்.

கறுப்பு. எது பிழையாகப் போகலாம்? சரியாகக் காயாத கச்சானில் பூஞ்சணம் பிடித்து அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. காலபோக மழையில் காயவைப்பது எப்படி? இப்படிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "சரிவராது" என்பதை மட்டும் எழுதாதீர்கள்.

பச்சை. கறுப்பில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் வழி தேடுங்கள். ஈரத்துக்கு: கோதோடு வாங்கி, குலுக்கிப் பார்த்து, உள்ளே பருப்பு கலகலக்காததைத் திருப்பிவிடலாம். நிலத்தில் பரப்பாமல் உயர்த்திக் கட்டிய தட்டில் காயவைக்கலாம். பூஞ்சணம் கண்டதை வறுக்காமல் கழிக்கலாம்.

சிவப்பு. ஆளுக்கு அரை நிமிடம், மனதில் பட்டது மட்டும். காரணம் கேட்கவே கூடாது. கேட்டால், "எனக்குப் பயமாயிருக்கு" என்று சொல்ல வந்த அக்கா அடுத்த முறை வாய் திறக்கமாட்டா. நாலு பேர் தயங்கினால், அநேகமாக யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கும். கடன், வீட்டு வேலை இப்படி. இன்னொரு தடவை கறுப்பைப் போடுங்கள்.

அப்புறம் கோழிக்கும் இதே ஒழுங்கு, இதே நேரம். ஒன்றுக்கு அரை மணி கொடுத்து மற்றதுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

கடைசியாகத் திரும்பவும் நீலம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, பச்சையில் பதில் கிடைக்காத கறுப்புகளைச் சுழியுங்கள். எத்தனை சுழி என்பதை விட, எந்தச் சுழி போட்ட பணத்தையே விழுங்கும் என்று பாருங்கள். ஒரு நோயில் கூட்டுக் கோழியெல்லாம் சாகலாம் என்பது அப்படியான ஒன்று. வெள்ளைத் தாளில் விசாரிக்க வேண்டியவையே அதிகம் என்றால் அன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம். பெயர் போட்டவர்கள் விசாரித்து வந்தபின் கூடுங்கள்.