எம்-பெசா கல்லாவில் ரொக்கம் போட, எடுக்க: என் 3,000 ஷில்லிங் போன கதையோடு

நைரோபியில் நண்பர் ஒருவர் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய பெட்டிக்கடையை நான் பார்த்துக்கொண்டேன். கடையில் எம்-பெசா கல்லாவும் உண்டு. 2007இல் கென்யாவில் தொடங்கிய கைபேசிப் பணச் சேவை இது. ஏஜெண்டை அங்கே ‘வகாலா’ என்பார்கள்; நம் ‘வக்கீல்’ வந்த அதே அரபு வேர்தான். சிம் பதிவு, பின் எண் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: காலையில் கூட்டி எழுதுங்கள்

ஏஜெண்டிடம் இரண்டு பணம் உண்டு. ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கும் ரொக்கம். மற்றது ஏஜெண்ட் சிம்மில் இருக்கும் இருப்பு, அதாவது ‘ஃப்ளோட்’. இரண்டும் அவருடைய சொந்த முதல். வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்குகிறார், அவ்வளவுதான்.

அன்று காலை ரொக்கம் 40,000, ஃப்ளோட் 60,000, மொத்தம் 1,00,000 ஷில்லிங். இந்த மொத்தம் மட்டும் நாள் முழுக்க மாறக்கூடாது.

படி 2: பணம் போட வருபவர்

ஒரு அம்மா 5,000 கொடுத்தார். நோட்டை எண்ணி, அடையாள அட்டையைப் பார்த்து, அவருடைய எண்ணை ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் தலையாட்டிய பிறகே தொகையையும் பின் எண்ணையும் அழுத்தினேன். இருவருக்கும் குறுஞ்செய்தி வந்தது. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இப்போது ரொக்கம் 45,000, ஃப்ளோட் 55,000.

படி 3: பணம் எடுக்க வருபவர்

இங்கே வேலையைத் தொடங்குவது நாம் இல்லை, வாடிக்கையாளர். தன் கைபேசியில் ஏஜெண்ட் எண், தொகை, பின் எண் மூன்றையும் அவரே போடுவார். ஒருவர் 12,000 எடுத்தார். நம் ஃப்ளோட் 67,000 ஆனது. 12,000 எண்ணிக் கொடுத்ததும் ரொக்கம் 33,000. கூட்டினால் அதே ஒரு லட்சம்.

எடுப்பதற்கான கட்டணம் அவருடைய கணக்கில் தனியாகப் பிடிக்கப்படும், நம் ஃப்ளோட்டுக்கு வராது. அதனால்தான் சரியாக 12,000 வைத்திருப்பவரால் 12,000 எடுக்க முடியாது. இதைச் சொல்லிப் புரியவைக்கவே பாதி நாள் போகும். நம் கமிஷன் வேறு கணக்கில் சேர்ந்து பிறகு வரும். அன்றைய கூட்டலில் அதைக் கலக்காதீர்கள்.

நான் விழுந்த இடம்

மாலைக் கூட்டத்தில் ஒரு பையன் வந்து, “அண்ணா, பணம் எடுத்துட்டேன், மெசேஜ் பாருங்க” என்கிற மாதிரி தன் கைபேசியை நீட்டினான். பார்த்தேன், 3,000 கொடுத்துவிட்டேன். கடை மூடும்போது மொத்தம் 97,000தான் வந்தது.

அவன் காட்டிய செய்தி போலி. பழைய செய்தி ஒன்றில் தொகையை மாற்றி எழுதினால் போதும், அச்சு அசலாக இருக்கும். ஆக, அவர்கள் கைபேசியைப் பார்க்கவே வேண்டாம், உங்களுடையதைப் பாருங்கள். அதுவும் போதாது, உங்களுக்கே சாதாரண எண்ணிலிருந்து போலிச் செய்தி வரலாம். ஒவ்வொரு உண்மையான செய்தியிலும் புதிய ஃப்ளோட் இருப்பு இருக்கும். முந்தைய இருப்போடு தொகையைக் கூட்டினால் அது வரவேண்டும். 55,000க்குப் பின் 12,000 என்றால் 67,000. வேறு எது வந்தாலும் கையை மேசை இழுப்பறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இந்தக் கணக்குக்கு எனக்குப் பிடித்த கருவி கோடு போட்ட நோட்டுதான். ஒவ்வொரு வரியிலும் ரொக்கம், ஃப்ளோட், மொத்தம். ஏஜெண்ட் சிம்முக்கு ஒரு பழைய பட்டன் போன் போதும். சொந்தப் போனில் போட்டால் வாட்ஸ்அப் சத்தத்தில் எது எந்தச் செய்தி என்றே தெரியாது.

படி 4: ஒரு பக்கம் தீர்ந்தால்

நகரத்தில் சம்பாதிப்பவர்கள் ஊருக்கு அனுப்பப் பணம் போடுவார்கள், அதனால் நைரோபிக் கடையில் ஃப்ளோட் வற்றும். கிராமத்தில் எடுப்பவர்களே அதிகம், அங்கே ரொக்கம் வற்றும். நாங்கள் ரொக்கத்தை வங்கியில் கட்டி ஃப்ளோட்டாக்கிக்கொள்வோம். கிராமத்து ஏஜெண்ட் ஃப்ளோட்டைக் கொடுத்து நோட்டுக்கட்டோடு பேருந்தில் திரும்பவேண்டும். முற்றிலும் வற்றும்வரை காத்திருக்காதீர்கள். ஃப்ளோட் 20,000க்கு இறங்கினாலே நண்பர் கிளம்பிவிடுவார்.

பிற்சேர்க்கை: செய்தி தாமதமானால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஏஜெண்ட் மெனுவில் இருப்பைக் கேட்டுப் பாருங்கள். கூடியிருந்தால் கொடுக்கலாம். கூடவில்லை என்றால், வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அவரை உட்காரச் சொல்லுங்கள். பணம் தவறான எண்ணுக்குப் போய்விட்டால் உடனே சேவை மையத்தை அழைத்துத் திருப்பக் கேட்கவேண்டும். அந்த எண்காரர் அதற்குள் எடுத்துவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். போட வந்தவருக்கு உங்கள் ஃப்ளோட்டிலிருந்து இன்னொரு முறை போட்டே ஆகவேண்டும்.