புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை: மேனேஜரிடம் இப்படித்தான் கேட்டேன்

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டபோது, பயண அலுப்பை மெயிலில் எழுதவே இல்லை. அது என் கவலை. மேனேஜருடைய கவலை வேறு.

முதலில் நாளைத் தேர்ந்தெடுத்தேன். எங்களுக்குக் காகித பில்கள் குவிவது திங்களும் வெள்ளியும். புதன்கிழமை பெரும்பாலும், சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் பதிந்த பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியை எங்கள் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலை. முழுக்கத் திரையில் நடப்பது. மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் ஜிஎஸ்டிஆர்-1 கெடுவான 11-ம் தேதியோ, ஜிஎஸ்டிஆர்-3பி கெடுவான 20-ம் தேதியோ புதனில் விழுந்தால் அலுவலகம் வருவேன் என்று நானே எழுதிவிட்டேன்.

மேனேஜரின் அடுத்த பயம், ஆள் கண்ணில் படாமல் வேலை நடக்கிறதா என்பது. மாலை 5.30-க்கு ஒரு மெயில்: எத்தனை பில் பொருந்தியது, எது எந்த சப்ளையரிடம் நிற்கிறது. போனைப் பத்து நிமிடத்துக்குள் எடுப்பேன்.

உண்மையான முட்டுக்கட்டை, “உனக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே” என்பதுதான். அதனால் சலுகையாகக் கேட்காமல் ஒரு மாதச் சோதனையாகக் கேட்டேன்: நிலுவை பில் முந்தைய மாதத்தைவிடக் கூடினால் நிறுத்திவிடலாம். வேறு யார் கேட்டாலும் அவர் இதே நிபந்தனையைக் காட்டலாம்.

படித்துவிட்டு, “சரிம்மா, மாசக் கடைசி வாரம் மட்டும் வேண்டாம்” என்றார். பேரம் பேசவில்லை, ஒப்புக்கொண்டேன். சோதனை மாதம் முடிந்ததும் ஹெச்ஆருக்கு அவரே மெயில் போட்டார்.