பால் கக்குவதா, வாந்தியா: கைக்குழந்தை விஷயத்தில் நடக்கும் தவறுகள்

பால் குடித்து முடித்த கையோடு குழந்தை தோளில் கக்குகிறது. துணி நனைந்து, தாயின் புடவையும் நனைந்து, குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது போலத் தெரிகிறது. உடனே மறுபடியும் வயிறு முட்டப் பால் கொடுக்கிறார்கள். முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி பாலை ஒரு துண்டில் ஊற்றிப் பாருங்கள். அது பரவும் பரப்பைப் பார்த்தால் பயமாக இருக்கும். குழந்தை கக்குவது பல சமயம் அவ்வளவுதான். நிறைந்திருக்கும் வயிற்றில் உடனே இன்னும் ஊற்றினால் அடுத்த கக்கல் தானாக வரும். கொஞ்சம் பொறுத்து, குழந்தை பசியைக் காட்டினால் கொடுத்தால் போதும்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. பிறந்த முதல் மாதங்களில் அது அடிக்கடி தளர்ந்து திறந்துகொள்ளும். உள்ளே இருப்பது வெறும் பால், குழந்தையும் பெரும்பாலான நேரம் படுத்தே இருக்கிறது. அதனால் பால் மேலே ஏறி வாய் வழியாக, சில சமயம் மூக்கு வழியாகவும் வழிகிறது. தயிர் போலத் திரிந்து வந்தால் அந்தப் பால் சற்று நேரம் வயிற்றில் இருந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. இந்தக் கக்கல் 4 மாத வாக்கில் அதிகமாகி, குழந்தை உட்காரத் தொடங்கியதும் குறைந்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும்.

எத்தனை முறை, எவ்வளவு கக்குகிறது என்பதை மட்டும் வைத்து இது சாதாரணக் கக்கலா, நோயா என்று முடிவு செய்ய முடியாது. சரி, பிறகு எதை வைத்து முடிவு செய்வது? எடையையும் சிறுநீரையும் வைத்துத்தான். பிறந்த முதல் வாரத்தில் எடை சற்றுக் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போக வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்து, சிரமப்படாமல் கக்கிவிட்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால் மருந்தும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். எடை போடும்போது துணியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே தராசில் போடுங்கள். வெவ்வேறு தராசுகள் 100 கிராம் வரைகூட மாறிக் காட்டி வீணாகக் குழப்பும்.

எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொரு தவறு. 'இது கக்குற பிள்ளை' என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால், பிறகு அந்தக் கக்கல் வேறொன்றாக மாறினாலும் யாரும் கவனிப்பதில்லை. ஒரு குழந்தையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தலைப்பிள்ளை, ஆண், பிறந்த எடை 2.9 கிலோ. முதல் வாரத்திலிருந்தே கக்குகிறான். 14-ஆம் நாள் 2.95 கிலோ, 28-ஆம் நாள் 3.35 கிலோ. இதுவரை எல்லாம் சரி. ஐந்தாம் வாரத்தில் கக்கலின் தன்மை மாறுகிறது. முன்பு வாயோரம் வழிந்த பால் இப்போது வேகமாகப் பீய்ச்சி அடித்து எட்டி விழுகிறது. ஒவ்வொரு முறை குடித்த பிறகும் அப்படியே. வாந்தி எடுத்த உடனே பசியோடு மறுபடியும் பாலுக்குத் தேடுகிறான். 'நல்லாத்தானே குடிக்கிறான்' என்று வீடு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் மலம் குறைந்துவிட்டது, நாளுக்கு ஏழெட்டு முறை போன சிறுநீர் நான்கு முறையாகிவிட்டது. 38-ஆம் நாள் எடை 3.25 கிலோ. பத்து நாளில் 200 கிராமாவது ஏறியிருக்க வேண்டிய குழந்தை 100 கிராம் இறங்கியிருக்கிறது.

இது இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்துப் பாதையை அடைப்பதால் வருவது. பெரும்பாலும் மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் தொடங்கும், ஆண் குழந்தைகளுக்கு அதிகம். நம் ஊரில் பிறந்தபோது எடை பார்த்துவிட்டு, அடுத்து ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போதுதான் பார்ப்பது பல வீடுகளில் வழக்கம். இந்த நோய் தொடங்கும் காலம் சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது. அதனால் கக்கும் குழந்தையை நடுவில் ஒருமுறையாவது ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ எடை போட்டுவிடுங்கள். நோயை வயிற்று ஸ்கேனில் கண்டுபிடித்துவிடலாம். வாந்தியால் குறைந்த உப்பையும் நீரையும் முதலில் டிரிப் ஏற்றிச் சரிசெய்து, பிறகு சிறிய அறுவை சிகிச்சை செய்வார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஒரு நாளுக்குள் மறுபடி பால் குடிக்கத் தொடங்கிவிடும்.

இந்த அடைப்பில் வாந்தி பால் நிறத்தில்தான் வரும், ஏனென்றால் பித்தம் குடலில் வந்து சேரும் இடத்துக்கு மேலேயே பாதை அடைபட்டிருக்கிறது. பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் கதை வேறு. அடைப்பு அதற்கும் கீழே, குடலில் இருக்கலாம். குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கவும் கூடும். அப்படியானால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். ஆரம்பத்தில் வயிறு மெத்தென்று இருக்கலாம், குழந்தை ஓரளவு தெளிவாகவும் இருக்கலாம். அதைப் பார்த்து 'பித்தம்தானே' என்று கஷாயம் காய்ச்சுவதும், தொக்கம் எடுக்க அழைத்துப்போவதும், காலை வரை காத்திருப்பதும் ஆபத்து. பச்சை வாந்தி ஒரே ஒரு முறை வந்தாலும், நடு இரவாக இருந்தாலும், குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம். கறை பட்ட துணியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வாந்தியில் ரத்தம் அல்லது காப்பித்தூள் போன்ற நிறம், வயிறு உப்பி இறுகுவது, குழந்தை துவண்டு பால் குடிக்காமல் கிடப்பது, உச்சிக்குழி புடைப்பது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் அன்றே, தாமதிக்காமல் காட்ட வேண்டும். மலத்தில் ரத்தம் கலந்து வருவதையும் காட்டிவிட வேண்டும், பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வாந்திக்கும், ஒரு வயது தாண்டியும் நிற்காத கக்கலுக்கும் வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

சாதாரணக் கக்கலை நிறுத்தப் போய் உண்டாக்கும் கெடுதல்களும் உண்டு. தூங்கும்போது கக்கினால் மூச்சடைக்கும் என்று பயந்து குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைக்கிறார்கள். மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது. மேலே வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக ஏறித்தான் போக வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும், தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் ஆபத்தும் கூடும். தலையணை வைத்து உயர்த்துவதும் வேண்டாம். விழித்திருக்கும்போது, பால் குடித்த பிறகு 20, 30 நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விட வைத்தால் போதும். முதுகை ஓங்கித் தட்டாமல் மெதுவாகத் தடவினாலே ஏப்பம் வரும்.

பால் கெட்டியானால் தங்கும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே அரிசிக் கஞ்சி, ராகிக் கூழ் ஊட்டுவதும், தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திப் புட்டிப்பாலுக்கு மாறுவதும் தவறு. ஏற்கெனவே புட்டிப்பால் என்றால் அளவைப் பாருங்கள். கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி தேவை. 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி, எட்டு முறையாகக் கொடுத்தால் வேளைக்கு 75 மில்லி. அதற்கு 120 மில்லி கொடுத்தால் கக்கத்தான் செய்யும். பெரிய குழந்தைக்கு வாங்கி மீதமிருக்கும் வாந்தி சொட்டு மருந்தைக் கொடுக்கவே கூடாது. எடை நன்றாக ஏறும் குழந்தைக்கு அமிலம் குறைக்கும் மருந்தும் பயன் தராது. அது அமிலத்தைக் குறைக்குமே தவிர, பால் மேலே வருவதை நிறுத்தாது.

மருத்துவரிடம் போகும்போது 'நிறைய வாந்தி' என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறந்த நாளிலிருந்து போட்ட எடைகள், நேற்று எத்தனை முறை சிறுநீர் போனது, வாந்தி வழிந்ததா பீய்ச்சியதா, என்ன நிறம் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வாந்தியைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.