நம்ம ஆட் செட்டே நம்ம ஆட் செட்டோடு முட்டுகிறதா? பேஸ்புக்கில் கண்டுபிடிப்பது எப்படி

அல்வா பார்சல் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். முதல் ஆட் செட் திருநெல்வேலியைச் சுற்றி 25 கி.மீ., இரண்டாவது பாளையங்கோட்டையைச் சுற்றி 25 கி.மீ., மூன்றாவது கடந்த 180 நாளில் கடையின் இன்ஸ்டாகிராமைப் பார்த்தவர்கள் அடங்கிய கஸ்டம் ஆடியன்ஸ். நடுவில் ஓடுவது தாமிரபரணி மட்டும்தான். முதல் இரண்டு வட்டமும் ஏறக்குறைய ஒன்றே.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடலாம். ஒருவருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று முடிவாகும் ஒரே ஏலத்தில் உங்கள் இரண்டு ஆட் செட்டையும் மெட்டா மோதவிடாது. மதிப்பு அதிகமுள்ள ஒன்றை மட்டும் உள்ளே விட்டு, மற்றதை வெளியே நிறுத்திவிடும். செலவு ஏறுவது வேறு வழியில். வெளியே நின்ற ஆட் செட்டுக்கு ரிசல்ட் சேராது. யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று மெட்டா கற்றுக்கொள்ளும் கற்றல் கட்டத்தை ஒரு ஆட் செட் தாண்ட 7 நாளில் சுமார் 50 ரிசல்ட் வேண்டும். அது வராவிட்டால் `Learning limited` என்று காட்டும். ஒரு ரிசல்ட்டின் விலையும் நிலைக்காது.

சோதிக்க, ஒவ்வொரு ஆட் செட்டின் டார்கெட்டிங்கையும் சேவ்டு ஆடியன்ஸாகச் சேவ் செய்துகொள்ளுங்கள். பிறகு ஆட்ஸ் மேனேஜரில் `Audiences` பக்கத்துக்குப் போய், மூன்றையும் டிக் செய்து, மூன்று புள்ளி மெனுவில் `Show audience overlap` அழுத்துங்கள். ஒரே நேரத்தில் ஐந்து வரை ஒப்பிடலாம்.

பலரும் சறுக்குவது சதவீதத்தைப் படிப்பதில்தான். எந்த ஆடியன்ஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களோ, அதன் மொத்தத்தில்தான் அந்தச் சதவீதம். முதலாவதில் 2,00,000 பேர், மூன்றாவதில் 20,000 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 18,000 என்று வையுங்கள். முதலாவதிலிருந்து பார்த்தால் 9%. ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். மூன்றாவதிலிருந்து பார்த்தால் 90%! அதனால் தேர்வை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

ஒரே ஆட்கள் இரண்டிலும் இருப்பதாலேயே ஏலத்தில் இடிக்கும் என்றில்லை. பட்ஜெட் பாதிகூடச் செலவாகாமல் நிற்பதும் `Learning limited` காட்டுவதும் சேர்ந்து வந்தால்தான் கை வையுங்கள். `Advantage+ audience` போட்டிருந்தால் நீங்கள் கொடுத்த விருப்பங்கள் வெறும் பரிந்துரைதான். விளம்பரம் அதைத் தாண்டியும் போகும், ஆகவே இந்தச் சதவீதத்தை அப்படியே நம்ப முடியாது.

இனி சரிசெய்வது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை இரண்டையும் ஒரே ஆட் செட்டாக்குங்கள். தனித்தனியாக நாளுக்கு ₹300 போட்டு, ஒரு வாட்ஸ்அப் மெசேஜுக்கு ₹100 ஆனால் வாரத்துக்கு 21 மெசேஜ்தான் வரும். ₹600 ஆக்கினால் அதே விலையில் 42. இன்னும் 50 எட்டவில்லை. தினமும் ₹720 வைத்தால் எட்டிவிடும்.

மூன்றாவதை மட்டும் தனியே வைத்துக்கொண்டு, அந்த கஸ்டம் ஆடியன்ஸை ஒன்றாக்கிய ஆட் செட்டின் `Exclude` பெட்டியில் போடுங்கள். சேவ்டு ஆடியன்ஸை இப்படி விலக்க முடியாது. ஊர் வட்டங்களை ஒன்றாக்கச் சொன்னதும் அதனால்தான். டார்கெட்டிங்கைத் தொட்டால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எல்லா மாற்றத்தையும் ஒரே தடவையில் செய்துவிட்டு, ஒரு வாரம் கை வைக்காமல் விடுங்கள்.