சிவப்புக் குறி போட்ட நேரத்தில் ஸ்டாப் லாஸை மட்டும் நம்பாதீர்கள்

கரன்சி டிரேடிங்குக்குப் புதிதாக வருகிறவர்களின் கணக்கு அறிக்கைகளை அடிக்கடி பார்க்க நேர்கிறது. பெரும்பாலான நஷ்டங்கள் சிறியவை. நடுவில் திடீரென்று ஒரே ஒரு பெரிய நஷ்டம் நிற்கும். அதன் தேதியையும் நேரத்தையும் பொருளாதார டேட்டாக்கள் வெளியாகும் நேரங்களைக் காட்டும் காலண்டரில் தேடினால், சிவப்புக் குறி போட்ட ஏதாவது ஒரு பெரிய டேட்டா வெளியான நிமிடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதிக லீவரேஜ் எடுக்காதீர்கள், வதந்தியை நம்பாதீர்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன். காலண்டரைப் பார்த்த பிறகும் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் பேசலாம்.

"ஸ்டாப் லாஸ்தான் போட்டிருக்கேனே"

இதைக் கேட்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் சொல்கிறவர் மேல் இல்லை. ஸ்டாப் லாஸ் போட்டால் நஷ்டம் அந்த அளவோடு நின்றுவிடும் என்று பாதி விஷயத்தை மட்டும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்களே, அவர்கள் மேல்.

ஸ்டாப் லாஸ் என்பது விலைக்கான உத்தரவாதம் கிடையாது. விலை அந்த இடத்தைத் தொட்டதும் "கிடைக்கிற விலைக்கு முடித்துவிடு" என்ற ஆர்டராக அது மாறுகிறது, அவ்வளவுதான். சாதாரண நேரத்தில் அடுத்து கிடைக்கிற விலை பக்கத்திலேயே இருக்கும், அதனால் வித்தியாசம் தெரியாது. டேட்டா வெளியாகிற நொடியில் நிலைமை வேறு. விலை கொடுக்கிற வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் தங்கள் ஆர்டர்களை முன்கூட்டியே விலக்கிக்கொள்கின்றன. எண்ணைத் தங்களைவிட ஒரு கணம் முன்னால் படித்துவிட்டவர் பழைய விலையிலேயே தங்களிடம் வாங்கிவிடுவாரோ என்று அவர்களுக்குப் பயம். அதனால் வழக்கமாக நிரம்பியிருக்கும் இடத்தில் அந்தச் சில நொடிகளுக்கு ஆளே இருக்காது. விலை ஒவ்வொரு பிப்பாக ஏறி இறங்காமல் தாவும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5,000 டாலர் கணக்கு, ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 50 டாலர் வரை இழக்கலாம் என்பது விதி. EUR/USD-ஐ 1.0850-இல் விற்று, 20 பிப் தள்ளி 1.0870-இல் ஸ்டாப் வைத்திருக்கிறீர்கள். 0.25 லாட் என்றால் ஒரு பிப்புக்கு 2.50 டாலர். 20 பிப் போனால் சரியாக 50 டாலர். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

இப்போது அமெரிக்கப் பணவீக்க எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருகிறது. டாலர் விழுகிறது. விலை 1.0866-இலிருந்து ஒரே தாவலில் 1.0904-க்குப் போகிறது. நடுவில் விற்க யாரும் இல்லை. உங்கள் ஸ்டாப் 1.0904-இல் நிறைவேறுகிறது. 54 பிப், 135 டாலர். 1 சதவீதம் என்று நினைத்தது 2.7 சதவீதம் ஆகிவிட்டது. புரோக்கர் ஏமாற்றவில்லை. இதற்குப் பெயர்தான் ஸ்லிப்பேஜ்.

இன்னொரு விதமும் உண்டு, அது இன்னும் மனதை நோகடிக்கும். என்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு பையன் ஒருநாள் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "அண்ணா, விலை என் ஸ்டாப்பைத் தொடவே இல்லை, ஆனாலும் டிரேட் முடிஞ்சிருச்சு. இது அநியாயம் இல்லையா?" என்று கேட்டான். அவனும் விற்றுத்தான் வைத்திருந்தான். மேலே சொன்ன அதே எண்களில் விளக்குகிறேன். சார்ட்டில் உச்சம் 1.0862, ஸ்டாப் 1.0870. எட்டு பிப் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பல டிரேடிங் சாஃப்ட்வேர்களில் சார்ட் காட்டுவது பிட் விலையை மட்டும்தான். விற்ற டிரேடை முடிக்க வேண்டுமானால் திரும்ப வாங்க வேண்டும், அது நடப்பது ஆஸ்க் விலையில். டேட்டா வந்த நேரத்தில் ஸ்ப்ரெட் 1 பிப்பிலிருந்து 10 பிப்பாக விரிந்தால், பிட் 1.0862 ஆக இருக்கும்போது ஆஸ்க் 1.0872. ஸ்டாப் தொடப்பட்டுவிட்டது. அதற்கு அப்புறம் விலை அவன் நினைத்த பக்கமே இறங்கியது. திசையைச் சரியாகக் கணித்தும் காசு போனது. சார்ட் அமைப்புகளில் ஆஸ்க் கோட்டைக் காட்டச் சொல்லிவிட்டு ஒரே ஒரு டேட்டா நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு கோடுகளும் விலகிப் போய் மறுபடி ஒட்டுவது தெரியும்.

சரி, என்ன செய்வது? ஸ்டாப்பை இன்னும் தள்ளி வைப்பது மட்டும் போதாது, அப்படிச் செய்தால் நஷ்டத்தின் அளவுதான் கூடும். லாட்டைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை ஸ்டாப் தூரத்தை வைத்து முடிவு செய்யாமல், தாவல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அதே டேட்டா கடந்த 12 மாதங்களில் வந்த நாட்களை எடுத்து, வெளியான அந்த ஒரு நிமிடக் கேண்டிலின் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள். சராசரியைப் பார்க்க வேண்டாம், பெரியதைப் பாருங்கள். அது 60 பிப் என்று வைத்துக்கொள்வோம். 50 டாலரை 60-ஆல் வகுத்தால் ஒரு பிப்புக்கு 83 சென்ட், அதாவது 0.08 லாட். கையில் 0.25 இருந்தால் 0.17-ஐ முடித்துவிட வேண்டும். மீதி 0.08 லாட் அதே 1.0904-இல் மாட்டியிருந்தால் நஷ்டம் 43 டாலர். விதிக்குள்ளேயே இருக்கிறது.

இதை டேட்டாவுக்கு அரை மணி நேரம் முன்பே செய்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் ஸ்ப்ரெட் ஏற்கெனவே விரியத் தொடங்கியிருக்கும், வெளியேறுவதற்கே கூடுதல் விலை கொடுக்க வேண்டிவரும். லாபத்தில் இருக்கிற டிரேடுக்கும் இதே கணக்குதான். சில புரோக்கர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு உத்தரவாத ஸ்டாப் தருகிறார்கள். அது மட்டும் சொன்ன விலையில் நிற்கும். உங்கள் புரோக்கரிடம் அது இருக்கிறதா, எவ்வளவு தள்ளி வைக்கச் சொல்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள்.

இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. 2015 ஜனவரி 15 அன்று ஸ்விஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தான் காத்துவந்த குறைந்தபட்ச விலையை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. 1.20-க்குச் சற்றுக் கீழே வைத்திருந்த ஸ்டாப்கள் வெகுதூரம் கீழே நிறைவேறின. போட்ட பணத்தைவிட அதிகமாக இழந்தவர்கள் உண்டு. அந்த முடிவு எந்தக் காலண்டரிலும் இல்லை. காலண்டருக்குத் தெரிவது, நேரம் குறித்து வருகிற ஆபத்து மட்டும்தான்.

பச்சை நிறத்தைப் பார்த்ததும் வாங்குவது

காலண்டரில் மூன்று கட்டங்கள் இருக்கும்: முந்தைய எண், எதிர்பார்ப்பு, வந்த எண். வந்த எண் எதிர்பார்ப்பைவிட நன்றாக இருந்தால் பல காலண்டர்கள் அதைப் பச்சையில் காட்டும். பச்சை என்றால் டாலர் ஏறும் என்று கை தானாகப் போகும். முந்தைய எண்ணின் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

2024 ஜூலை 5 அன்று வந்த அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பு ஏறத்தாழ 1,90,000 வேலைகள், வந்தது 2,06,000. பச்சைதான். ஆனால் அதே அறிக்கையில் ஏப்ரல், மே மாத எண்களைத் திருத்தி, இரண்டிலும் சேர்த்து 1,11,000 வேலைகளைக் குறைத்துவிட்டார்கள். மே மாதம் மட்டும் 2,72,000 என்று இருந்தது 2,18,000 ஆனது. வேலையின்மை விகிதமும் 4.0-இலிருந்து 4.1 சதவீதமாக ஏறியது. மொத்தத்தில் வேலைச் சந்தை தளர்கிறது என்றுதான் அந்த அறிக்கை சொன்னது, அன்றைக்கு டாலர் இறங்கியது. தலைப்பு எண்ணை மட்டும் படித்து டாலரை வாங்கியவர்கள் தவறான பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த அறிக்கையில் வேலைகளின் எண்ணிக்கை, வேலையின்மை விகிதம், சராசரி மணிநேர ஊதியம் எல்லாம் ஒரே நொடியில் வருகின்றன. ஒன்று டாலரை மேலே தள்ளும், இன்னொன்று கீழே தள்ளும். முதல் நிமிடத்தில் விலை இரண்டு பக்கமும் அடித்துவிட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லா வரிகளையும் நிதானமாகப் படித்து முடிக்கும் முன் உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

மூன்று ஜோடி, ஒரே பந்தயம்

EUR/USD வாங்கியிருக்கிறீர்கள், GBP/USD வாங்கியிருக்கிறீர்கள், USD/CHF விற்றிருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சதவீதம் வரை இழக்கலாம் என்று தனித்தனியாக எழுதி வைத்திருப்பீர்கள். அமெரிக்க டேட்டா வருகிற நிமிடத்தில் இவை மூன்றும் டாலர் விழும் என்கிற ஒரே டிரேட். லாட்டைக் குறைக்கும் கணக்கை மூன்றுக்கும் சேர்த்துப் போடுங்கள்.

மேலே ஒரு பை ஸ்டாப், கீழே ஒரு செல் ஸ்டாப்

எந்தப் பக்கம் போனாலும் பிடித்துவிடலாம் என்று டேட்டாவுக்கு முன் இப்படி வைப்பார்கள். விலை இரண்டு பக்கமும் அடித்தால் இரண்டும் மாட்டும். வேண்டாம்.

மார்ச் மாதத்துக் கடிகாரம்

அமெரிக்காவின் பெரிய டேட்டாக்களில் பல, நியூயார்க் நேரம் காலை 8:30-க்கு வருகின்றன. அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில், லண்டனில் மதியம் 1:30-க்கு வழக்கமாக வருகிற எண் 12:30-க்கே வந்துவிடும். காலண்டரில் நேர மண்டலத்தைக் கையால் அமைத்திருந்தால், அந்த வாரங்களில் நியூயார்க் நேரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

ஜப்பான் மத்திய வங்கியின் வட்டி முடிவுக்கு நிலையான நேரமே கிடையாது. காலண்டரில் ஒரு நேரம் போட்டிருந்தாலும் அது உத்தேசம்தான். யென்னில் பெரிய லாட் வைத்திருந்தால் முந்தின இரவே குறைத்துவிட வேண்டும்.

"முடிந்துவிட்டது" என்று திரும்ப நுழைவது

அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் வட்டி முடிவு நியூயார்க் நேரம் பிற்பகல் 2:00 மணிக்கு வரும். 2:30-க்குத் தலைவரின் செய்தியாளர் சந்திப்பு. பலர் 2:10-க்கே பழைய லாட்டோடு உள்ளே போய்விடுகிறார்கள். அறிக்கையைப் படித்து விலை ஒரு பக்கம் போயிருக்கும். 2:40-க்கு வருகிற ஒரு பதிலில் அத்தனையும் திரும்பிவிடும். காலண்டரில் இவை இரண்டு தனி வரிகளாக இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனியாகக் குறைத்து வைக்க வேண்டும்.

மற்ற டேட்டாக்களுக்குப் பிறகு திரும்ப நுழைய நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, ஸ்ப்ரெட்டைப் பார்க்கிறேன். வழக்கமாக 1 பிப் இருக்கிற ஜோடியில் இன்னும் 3 அல்லது 4 பிப் காட்டினால், விலக்கிக்கொண்டவர்கள் இன்னும் திரும்பவில்லை. பழைய அளவுக்கு வந்து சில நிமிடம் அப்படியே நின்றால், முழு லாட்டுக்கு மறுபடி போகலாம்.