பாதுகாப்பு வசதி செய்த பின் பிரீமியத்தைக் குறைக்கக் கேட்கும் முறை

வாடிக்கையாளர் தம் கிடங்கில் தீ அலாரம், கேமரா, காவலாளியுடன் கூடிய வாயில் ஆகியவற்றை அமைத்துவிட்டால், "மொத்தத்தில் குறைத்துத் தாருங்கள்" என்று காப்பீட்டு நிறுவனத்தில் பிரீமியத்தை முடிவு செய்யும் அண்டர்ரைட்டரிடம் கேட்காமல், தீ விபத்துப் பிரிவுக்கும் திருட்டுப் பிரிவுக்கும் தனித்தனியே திருத்திய கொட்டேஷன் கேளுங்கள். அலாரம் தீயின் சேதத்தைக் குறைக்கிறது. கேமராவும் காவலும் பெரும்பாலும் திருட்டையே தடுக்கின்றன. ஆகவே எந்த வசதி எந்தக் கட்டணத்தைப் பாதிக்கிறது என்பதை நீங்களே பிரித்துக் காட்டினால், அண்டர்ரைட்டர் தம் கோப்பில் எழுதவேண்டிய காரணம் அவர் கையிலேயே இருக்கும்.

பழுது பார்ப்பு ஒப்பந்தம், அலாரம் இயங்குவதற்கான நிறுவனச் சான்று, காவலர் நிறுவன ஒப்பந்தம் ஆகியவற்றைக் கோரிக்கையுடன் இணைத்து அனுப்புங்கள். வாங்கிய ரசீது மட்டும் போதாது. இரவு 8 முதல் காலை 6 வரை மட்டுமே காவலர் இருக்கும் கிடங்குக்கு "24 மணி நேரக் காவல்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள், ஏனெனில் அது பாலிசியில் வாரண்டியாக, அதாவது கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய நிபந்தனையாக ஏறிவிட்டால், பகலில் நடந்த திருட்டுக்கான இழப்பீடே மறுக்கப்படலாம்.

பாலிசி வழங்கப்பட்ட பிறகு இது பெரும்பாலும் பலிக்காது. புதுப்பிக்கும்போது கேட்பதே நல்லது. கட்டணம் ஏற்கெனவே நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவில் இருந்தால், இழப்பில் வாடிக்கையாளரே ஏற்கவேண்டிய விலக்குத் தொகையைக் குறைக்கும்படி கேட்பது மேல்.